அடுத்த வாரம் சனிக்கிழமை

புருஷனும் பெண்டாட்டியும் பிரிந்தபோது வக்கீல் ஒரு புத்திமதி சொன்னார்: "பிள்ளை விஷயமா மட்டும் தகவல் அனுப்புங்க. வார்த்தையே வேண்டாம். வார்த்தை வந்தா சண்டை வரும்." இருவரும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத மனுஷர்கள், இதில் மட்டும் அப்படி ஓர் ஒற்றுமை!

மகள் அப்பாவிடம் இருந்தாள். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குரூப்பும் அப்பாவின் போனில்தான். அங்கே ஏதாவது செய்தி வந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அம்மாவான இவளுக்கு அனுப்ப வேண்டும். இவள் அதைத் தன் காலண்டரில் ஏற்றி, அந்தப் பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். படத்துக்குப் படம். அங்கே ஒரு "சரி" கூடக் கிடையாது. இவள் போனில் அவர் பெயர் "முன்னாள்" என்றுதான் இருந்தது.

இவள் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் சீனியர். எல்லோருக்கும் "லேப் அக்கா". ரத்தக் குழாயில் ஒட்டியிருக்கும் பெயரையும் எண்ணையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் மெஷினில் வைக்க மாட்டாள். கூட வேலை பார்க்கிறவர்கள் அவசரத்தில் விட்டுவிட்டால் காய்ச்சி எடுத்துவிடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை முன்னாளிடமிருந்து படம் வந்தது. "அன்புப் பெற்றோரே, அடுத்த வாரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மாணவர் நாடகம். இடம்: பள்ளிப் பெரிய அரங்கம். தவறாமல் வரவும்." செய்தியின் ஓரத்தில் மாலை மணி மட்டும் சின்னதாகத் தெரிந்தது. என்றைக்கு வந்த செய்தி என்பது அதற்கு மேலே இருந்திருக்கும்; படத்தில் அது விழவில்லை.

இவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் படத்தைப் போனிலிருந்த ஏ.ஐ. உதவியாளரிடம் கொடுத்தாள். "இதை காலண்டர்ல போடு" என்றாள். சொடக்குப் போடும் நேரத்தில் அது எழுத்தையெல்லாம் படித்து ஒரு கட்டம் காட்டியது. மாணவர் நாடகம், சனிக்கிழமை, இருபத்தொன்றாம் தேதி, மாலை ஐந்து, பள்ளிப் பெரிய அரங்கம். சேமிக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்கவும் செய்தது. இவள் மணியைப் பார்த்தாள், இடத்தைப் பார்த்தாள், சேமி என்றாள்.

பள்ளிக்கூடம் அந்தச் செய்தியைப் போட்டது முந்தின வெள்ளிக்கிழமை, ஆறாம் தேதி. வெள்ளியிலிருந்து எண்ணினால் அடுத்த வாரச் சனி பதினாலு. படம் கைக்கு வந்த திங்கட்கிழமையிலிருந்து எண்ணினால் இருபத்தொன்று. தேதி இல்லாத படத்தைக் கொடுத்தால் அது தன் கையிலிருக்கும் இன்றைய தேதியை வைத்துத்தான் எண்ணும். அதைக் குறை சொல்லி என்ன பயன்? குழாயில் எண் இல்லையென்றால் தூக்கி எறிகிற அக்கா, இதை மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டாள்.

பதிவைப் படமெடுத்து முன்னாளுக்கு அனுப்பினாள். பார்த்தாயிற்று என்று நீல டிக்கும் விழுந்தது. உடனே லேபில் கூட வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிப் பெண்ணைப் பிடித்தாள்.

"இருபத்தொண்ணு எனக்கு லீவு வேணும். பதினாலு உன் ட்யூட்டியை நான் பார்க்கிறேன். மாத்திக்கலாமா?"

"என்னக்கா விசேஷம்?"

"பொண்ணு நாடகத்துல நடிக்கிறா. முதல் தடவை மேடை ஏர்றா. போகாம இருந்தா நான் என்னடி தாய்?"

மகள் தன்னை விட்டு விலகிப் போகிறாள் என்ற பயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் அவள் பங்கு. அந்த ஞாயிறுகளிலும் பிள்ளை ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. முன் வரிசையில் போய் உட்கார வேண்டும், மேடையிலிருந்து அவள் தன்னைப் பார்க்க வேண்டும். அது நடந்துவிட்டால் மீதியைச் சரிசெய்துவிடலாம் என்று நம்பினாள்.

புதன்கிழமை சாயங்காலம் கூட்டம் நெரிந்தபோது போன் அடித்தது. முன்னாள். இவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ன?"

"அம்மா, நான்தான். அப்பா போன்லேர்ந்து பேசறேன். அந்த நாடகம் இருக்குல்ல..."

"அதெல்லாம் காலண்டர்ல போட்டாச்சுடா கண்ணு. லீவும் மாத்தியாச்சு. அம்மா வந்து முன்னாடி உட்கார்ந்திருப்பேன், போதுமா? இப்ப தலைக்கு மேல வேலை. வச்சிடட்டா?"

"ம்" என்றது குழந்தை.

பதினாலாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு லேப் அக்கா மூக்குக்கண்ணாடியின் நாற்காலியில் உட்கார்ந்து யார் யாருடைய ரத்தத்தையோ சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு நேரத்தோடு பள்ளிக்குப் போனாள். அரங்கத்தில் ஈ காக்கை இல்லை. ஓர் அம்மாள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாடகமா? அது போன வாரமே முடிஞ்சுடுச்சேம்மா. நல்ல கூட்டம். நீங்க வரலையா?"

லேப் அக்கா போனை எடுத்துப் பதிவைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், முன்னாளுக்கு அனுப்பிய படத்தின் கீழே நீல டிக்கைப் பார்த்தாள். பார்த்திருக்கிறான்! தப்பான தேதி என்று தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறான், படுபாவி! இதைவிட ஒரு மனுஷன் எப்படிப் பழிவாங்க முடியும்?

ஆட்டோ பிடித்து நேராக அவர் வீட்டுக்குப் போனாள். கதவு திறந்ததுமே ஆரம்பித்தாள்.

"சந்தோஷமா? வயிறு குளிர்ந்துச்சா? இந்தத் தேதியைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உங்களுக்கு?"

அவர் போனை வாங்கிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"இதை நான் இப்பதான் பார்க்கிறேன்."

"பொய் சொல்லாதீங்க. டிக் விழுந்திருக்கு."

"ஸ்கூல் குரூப்பெல்லாம் நம்ம பொண்ணுதான் பார்க்கிறா. உனக்குப் படம் அனுப்பறதும் அவதான். ரொம்ப நாளா அப்படித்தான். நீ வரலைன்னதும், வேலை வந்திருக்கும்னு நினைச்சேன்."

உள்ளறை வாசலில் மகள் நின்றிருந்தாள். அவள் எப்போது வந்தாள் என்று இருவருக்கும் தெரியாது.

"நீ பார்த்தியாடி? தேதி தப்புன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. அதைச் சொல்லத்தான் புதன்கிழமை போன் பண்ணேன்."

"நான் வச்சுட்டா என்ன, திரும்பப் பண்ணக் கூடாதா? ஒரு மெசேஜ் போடக் கூடாதா?"

மகள் அழவில்லை. அழுதிருந்தால் கட்டிப்பிடித்துச் சமாதானமாவது செய்திருக்கலாம்.

"போடலாம்னுதான் இருந்தேன். அப்புறம், நீயா கூப்பிடுவியான்னு பார்த்தேன். என்ன கதை, என்ன வேஷம், பயமா இருக்கான்னு ஏதாவது கேட்டியாம்மா? ஒண்ணு கேட்டிருந்தாக்கூட, பேச்சோட பேச்சா இந்தச் சனிக்கிழமைன்னு சொல்லியிருப்பேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் அப்பா போனைக் கையிலயே வச்சிருந்தேன்."

அவர் மெதுவாக, இவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அன்னைக்குக்கூட எனக்குப் பக்கத்துல ஒரு சீட்டு பிடிச்சு வைக்கச் சொன்னா. பையைப் போட்டு வச்சிருந்தேன். கடைசி வரைக்கும் எடுக்க விடலை."

லேப் அக்கா மகள் பக்கம் ஓரடி வைத்தாள்.

"என்ன வேஷம்டா கண்ணு போட்டே?"

"அப்பா வீடியோ எடுத்திருக்கார்" என்றாள் மகள். "உனக்கு அனுப்பச் சொல்றேன்." உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.