கணக்குக்கு மேல் வைத்த கடிதம்

காரைக்கால் எல்லையிலிருந்த வாஞ்சூர் சுங்கச் சாவடியைப் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்த்து மூட்டை கட்டிவிட்டார்கள். அங்கே பதினோரு வருஷம் ரசீது எழுதிய மாணிக்கவேலுக்கு அதோடு வேலை போயிற்று. அந்தத் தை மாதம் அவன் வரிச்சிக்குடிக்குப் போய் அக்கா செல்லத்தின் மாட்டுக் கொட்டகையில் ஒட்டிக்கொண்டான். செல்லத்திடம் ஆறு எருமைகள் இருந்தன. இன்னும் பன்னிரண்டு வாங்கி, காரைக்கால் டவுனுக்கே பால் ஊற்ற வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு ஐயாயிரம் ரூபாய் வேண்டும்.

பணம் போட ஆள் கிடைத்தது. திருமலைராயன்பட்டினத்தில் கமர் நிஷா என்ற அம்மாள். கணவர் சைகோனில் துணிக்கடை வைத்திருந்தார். அவர் அனுப்பும் பணத்தை இவர்தான் பார்த்துப் பார்த்துப் போடுவார். வட்டிக்குக் கொடுக்க மாட்டார், அது ஹராம். லாபத்தில் பாதி வாங்கிக்கொள்வார்; நட்டம் வந்தால் பணம் அவருடையது போகும், உழைப்பு இவர்களுடையது போகும். ஆகையால் பணம் போடுவதற்கு முன்னால் வரப்போகும் மூன்று வருஷத்துக்கான கணக்கை எழுதிக் காட்டச் சொன்னார். இடையில் நின்று பேசியவன் அவருடைய கொழுந்தன் மகன் கபீர்.

மாணிக்கவேல் இரண்டே நாளில் கோடு போட்ட பெரிய தாள்களில் கணக்கை முடித்துவிட்டான். பன்னிரண்டு மாடு, மாட்டுக்கு மூன்று படி, படி பத்தணா. தீவனமும் ஆள் கூலியும் போக நாளுக்கு ஒன்பது ரூபாய் மிஞ்சியது. அக்காவுக்கு வாசித்துக் காட்டினான். அவள் தவிட்டைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"பன்னெண்டும் வருஷம் பூரா கறக்குமா? எந்த ஊரு மாடுடா அது?"

எருமை ஈன்றால் பத்து மாதம்போலக் கறக்கும். பிறகு அடுத்த ஈற்று வரை நாலைந்து மாதம் வற்றிக் கிடக்கும். வற்றின மாடும் தின்னும். அவன் திரும்ப உட்கார்ந்து எழுதினான். எந்த நாளிலும் எட்டு மாடுதான் கறவையில். இருபத்துநாலு படி, பதினைந்து ரூபாய். கறவை மாட்டுக்குத் தீவனம் ஒரு ரூபாய், வற்றினதற்கு எட்டணா, ஆள் கூலி ஒன்றரை. ஒன்பது ரூபாயாக இருந்த லாபம் மூன்றரையாகச் சுருங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவனுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. ஒரு கேள்வியில் இவ்வளவு போகுமென்றால், யாரும் கேட்காத கேள்விகள் எத்தனை இருக்கும்? அவற்றை எல்லாம் ஒரு கடிதமாக எழுதிக் கணக்குக்கு மேலே வைத்துத் தைத்தான். எதை வைத்து எந்த எண் வந்தது என்று முதலில் சொன்னான். மூன்று படி என்பது அக்காவின் ஆறு மாடுகளில் ஒரு வருஷம் அளந்தது, புது மாடு அப்படியே கறக்கும் என்று சொல்ல முடியாது. வருஷத்துக்கு ஒரு மாடு சாகலாம் அல்லது சினை பிடிக்காமல் போகலாம், முந்நூற்றைம்பது ரூபாய் அதில் கழியும். அது மூன்றரை ரூபாயில் சேரவில்லை, வருஷக் கடைசியில் தனியாகக் கழிக்க வேண்டும். வெக்கை நோய் மாதிரி ஊர் மாட்டையெல்லாம் வாரிக்கொண்டு போகிற நோய் வந்தால் இந்தக் கணக்கு எதற்கும் உதவாது. கடைசிப் பத்தி எழுதத்தான் நேரம் பிடித்தது. பத்தணா என்பது சுங்கம் இருந்த காலத்து விலை. இப்போது தடுப்பு இல்லை. நன்னிலத்துப் பாலும் நாகூர்ப் பாலும் தாராளமாக உள்ளே வரலாம். படிக்கு ஓரணா இறங்கினால் மிச்சம் இரண்டு ரூபாய், இரண்டணா இறங்கினால் எட்டணா. விலை எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியாது என்று முடித்தான்.

தாள்களைக் கபீரிடம் கொடுத்தான். பத்து நாள் கழித்து, வரச் சொல்லி ஆள் வந்தது. செல்லத்தைத் திரைக்கு உள்ளே கமர் நிஷாவோடு உட்கார வைத்தார்கள். மாணிக்கவேலும் கபீரும் வெளியே கூடத்தில் இருந்தார்கள். தேத்தண்ணி வந்தது. கபீரின் மடியில் ஒரு துணிப்பை. அதில் பணம் இருப்பது அதன் கனத்திலேயே தெரிந்தது. திரைக்குள்ளிருந்து அமைதியான குரல் கேட்டது. கணக்கு சுத்தமாக இருக்கிறது, மனசுக்குத் திருப்தி, பன்னிரண்டு மாட்டையும் ஒரே நடையில் வாங்கிவிடலாம் என்றது.

மாணிக்கவேல் கபீரின் பக்கத்தில் கீழே கிடந்த தாள்களைப் பார்த்தான். மேல் ஓரத்தில் தையல் பிரிந்து நூல் மட்டும் தொங்கியது. கடிதத்தைக் காணோம்.

கபீரை ஏறிட்டான். கபீர் வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினான். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. நல்ல காரியம் தொடங்கும்போது சாவையும் நட்டத்தையும் ஏன் வாசிக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான், அவ்வளவுதான். உள்ளே அக்காவின் வளையல் சத்தம் கேட்டது. அவள் முகம் தெரிந்திருந்தால் அவன் பேசாமலே இருந்திருப்பானோ என்னவோ. தெரியவில்லை.

"அம்மா, கணக்குக்கு மேல ஒரு கடுதாசி வச்சிருந்தேன். அதை உங்களுக்குப் படிச்சுக் காட்டுனாங்களா?" என்று கேட்டான்.

கபீர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடிதத்தை எடுத்தான். "வேண்டாம்னுதான் எடுத்து வச்சேன், பெரியம்மா" என்றான். படித்துக் காட்டு என்றார் கமர் நிஷா. அவன் நிறுத்தி நிறுத்திப் படித்தான். வெக்கை நோய் என்ற இடம் வந்தபோது குரல் இறங்கிற்று. கடைசிப் பத்தியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"தம்பி, பால் வெலை எறங்குனா பிண்ணாக்கு வெலையும் எறங்கணுமே? அதுக்கும் சுங்கம் போச்சே."

"எறங்குங்கம்மா. ஆனா தீவனச் செலவுல பிண்ணாக்கு மூணுல ஒரு பங்குதான். வைக்கோல் நம்ம ஊரு வைக்கோல், அது எறங்காது."

"பால் வேணும்னு இப்பவே சொன்னவங்க எத்தன படிக்குச் சொல்லியிருக்காங்க?"

அதை அவன் கடிதத்தில் எழுதவில்லை. இருபத்துநாலு படியும் விற்றுவிடும் என்று எடுத்துக்கொண்டதைத் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. முகம் சிவந்துவிட்டது. இரண்டு காபி கிளப்பும் பத்து வீடும் சேர்த்துப் பதினாலு படி என்றான்.

"அப்ப பதினாலு படிக்கு எத்தன மாடு வேணும்?" அந்தக் கேள்வி செல்லத்துக்கு. திரைக்குள் அவள் பதில் சொன்னது மெதுவாகக் கேட்டது: ஆறு மாடு. ஆறில் நாலு கறக்கும், பன்னிரண்டு படி.

கபீர் பையைப் பிரித்துப் பாதியை எண்ணிக் கொடுத்தான். மீதியைப் பைக்குள்ளேயே வைத்துக் கட்டினான்.

பஸ்ஸில் செல்லம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் மாட்டுத் தரகர் உத்திராபதியிடம் பன்னிரண்டு மாட்டுக்குச் சேர்த்து முன்பணம் கொடுத்திருந்தாள். ஆறு மாட்டுக்கான முன்பணம், அறுபது ரூபாய், திரும்பி வராது. இறங்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்னு பாதி தூரம் நெனச்சேன்."

"மீதி தூரம்?"

"முன்பணம் போச்சேன்னு நெனச்சேன்" என்றாள்.

சித்திரையில் சைக்கிளில் தூக்குகளைக் கட்டிக்கொண்டு வெளியூர்ப் பால்காரர்கள் வந்தார்கள். ஆடிக்குள் விலை எட்டணாவுக்கு வந்துவிட்டது. இரண்டு காபி கிளப்பில் ஒன்று அவர்கள் பக்கம் போயிற்று, வீடுகள் விலகாமல் இருந்தன. ஆறு மாட்டுக்குத் தனியாக ஆள் வைக்கவில்லை, அக்காவும் தம்பியுமே கறந்தார்கள். பிண்ணாக்கும் கொஞ்சம் மலிந்தது. ஒரு மாடு சினை பிடிக்கவே இல்லை. ஆறு மாதத்தில் கமர் நிஷாவின் பங்கு என்று எண்பத்தெட்டு ரூபாய் தேறியது.

மாணிக்கவேல் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தான். எழுதினபடி வந்தது எது, வராதது எது என்று ஒரு தாளில் இரண்டு வரிசையாகக் குறித்திருந்தான். பாலின் விலையும் வற்றின மாடும் ஏறக்குறையச் சரியாக இருந்தன. காபி கிளப்பைப் பற்றி அவன் நினைத்தது தப்பு. கபீர் வாசிக்க அவர் கேட்டுக்கொண்டார். சினை பிடிக்காததை விற்றுவிட்டு ஈன்ற மாடு ஒன்று பார்க்கச் சொன்னார். கைக்காசு போட வேண்டியிருந்தால் தன் பங்கிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

மறுநாள் விடியற்காலை செல்லம் தரகர் வீட்டுக்குக் கிளம்பினாள். இந்த முறை முன்பணம் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டுப் போனாள்.