அட்மின் அழித்த மூன்று

நல்லது செய்கிறேன் பேர்வழி என்று அட்மின் செய்த காரியம் இது: ஷிஃப்ட் வாட்ஸ்அப் குரூப்பில் 'லேபிள்' என்பவரைப் பற்றி வந்திருந்த மூன்று பதிவுகளையும் தேர்ந்தெடுத்து எல்லோர் போனிலிருந்தும் அழித்தார். அழித்துவிட்டு, பெரிய தீ விபத்தைத் தடுத்தவர் மாதிரி நிதானமாக டீ குடித்தார்.

பார்சல் கிடங்கில் பெட்டிகளை ஸ்கேன் செய்வது அவர் வேலை. குரூப்பைத் தொடங்கிய பாவத்துக்கு 'அட்மின்' என்ற பட்டம்; சம்பளத்தில் அது சேராது. லேபிள், முன் கவுண்டரில் முகவரிச் சீட்டு அடித்து ஒட்டுபவர். கண்ணில் மை, நகத்தில் நீலப் பூச்சு, முடியில் கிளிப், உடம்பில் கம்பெனிச் சட்டை. அந்தச் சட்டையைத் தவிர மற்ற எல்லாமே, 'ஆணா, பொண்ணா?' என்று, பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டும் மச்சானுக்கு உறுத்தியது. மச்சான் என்பது பட்டப்பெயர் அல்ல. அட்மின் மனைவியின் கூடப் பிறந்த தம்பி. அந்த மூன்று பதிவும் அவன் போட்டவை.

ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்த லேபிள், "அட்மின் அழித்துவிட்டார்" என்று வரிசையாக நின்ற மூன்று வரிகளைக் காட்டினார்.

"இதுல என்னண்ணே இருந்துச்சு?"

"விடு, அசிங்கம். நீ பார்க்க வேணாம்னுதான்…"

"நான் பார்க்க வேணாம்ணே. புகார் கமிட்டி பார்க்கணும்ல?"

லேபிள் தன் மெயிலைத் திறந்தார். ஒவ்வொரு ஏச்சையும் நடந்த அன்றே எழுதித் தனக்குத்தானே அனுப்பிவைத்திருந்தார்: தேதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் யார் நின்றார்கள்.

"வாயால சொன்னதை எல்லாம் 'நான் சொல்லவே இல்ல'ன்னுடுவான். எழுத்துல மாட்டினது இன்னைக்குத்தான். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தா போதும், அவன் நம்பரும் நேரமும் அதுலயே வந்திருக்கும்."

சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்துச் சிரித்தவர்களிடம், யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்களா என்று இருவரும் கேட்டார்கள். எல்லோருக்கும் திடீரென்று மேற்கூரையைப் பார்க்கிற வேலை வந்துவிட்டது.

மச்சான் மட்டும் வண்டியை நிறுத்திச் சத்தமாகச் சொன்னான்: "மாமா, சூப்பர்! நீங்களே துடைச்சிட்டீங்க. ஏய் வளையல், எந்த டாய்லெட்டுக்குப் போறதுன்னு நெத்தியில ஒரு சீட்டு ஒட்டிக்கோ!"

லேபிள் மணி பார்த்தார். அங்கேயே நின்று அதையும் மெயிலில் தட்டச்சு செய்தார்.

அட்மின் மேனேஜரிடம் போனார். "புகார் கொடுத்தா லேபிளைப் பின்கிடங்குக்கு அனுப்பிடுவீங்களா சார்?" முன்பு புகார் சொன்ன ஒருவர் அங்கேதான் போய்ச் சேர்ந்திருந்தார். கவுண்டர் வேலைக்காகவே லேபிள் இந்தக் கம்பெனியில் இருந்தார்.

"பார்க்கலாம். அங்க அவருக்கும் நிம்மதிதானே."

பார்க்கலாம் என்றால் என்ன என்று அட்மினுக்குத் தெரியும். வீட்டில் பத்து வருடமாக அவரே சொல்லிவரும் பதில்.

லேபிளிடம் திரும்பி வந்தார். "நான் சாட்சியா எழுதித் தரேன். உனக்குச் சம்மதமா? வேணாம்னா வாயைத் திறக்க மாட்டேன்."

"எழுதுங்க. கண்ணால படிச்சது மட்டும். ஞாபகம் இல்லாததை இல்லன்னே எழுதுங்க, மசாலா வேணாம். நீங்க அழிச்சதையும் சேருங்க."

"அதையுமா?"

"அவன் சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லிடுங்கண்ணே."

இருவரும் தனித்தனியே கமிட்டிக்கு மெயில் அனுப்பி, கிடைத்ததா என்று பதிலும் கேட்டு வாங்கினார்கள்.

அன்று வீட்டில் மனைவி தட்டை வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "யாரோ ஒருத்தருக்காக என் தம்பி பொழப்புல மண்ணைப் போடுறீங்களா?"

"நான் போடலம்மா. அவனே லாரி லாரியா கொட்டிட்டான்."

அதற்குமேல் பேச்சில்லை, குழம்பும் இல்லை.

மறுநாள் லேபிளின் லாக்கர் முழுக்க நகப்பூச்சு கொட்டியிருந்தது. அட்மின் துடைக்கத் துணியோடு ஓடினார். பாதியில் நின்றார். துணியைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்துப் படம் பிடித்தார்.

"தேறிட்டீங்கண்ணே," என்றார் லேபிள். அந்தப் படமும் கமிட்டிக்குப் போனது.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து கமிட்டி மேடம் ஒருவர் வந்தார். அட்மினைத் தனியாக அழைத்தார். வாசலில் நின்ற மச்சான் காதோடு, "அக்காவை மறந்துடாதீங்க மாமா," என்றான். உள்ளே போன அட்மின் முதலில் அதைத்தான் சொன்னார், மேடம் குறித்துக்கொண்டார். பிறகு மூன்று பதிவுகளில் நினைவிருந்ததைச் சொன்னார். ஒரு வரி சரியாக ஞாபகமில்லை என்றார். அழித்த முட்டாள் நானே என்றார். மேடம் சிரிக்கவில்லை.

"வேற ஏதாவது?"

"ஒண்ணே ஒண்ணு மேடம். எல்லாரும் பார்க்கலாம், பேசலாம்னுதான் சொல்றாங்க. லேபிளைப் பின்கிடங்குக்கு மாத்துவீங்களா?"

மேடம் பேனாவை மூடினார்.

"மாட்டோம். அவங்களா கேட்காம அவங்களை யாரும் நகர்த்தக் கூடாது. உங்க மேனேஜருக்கு அதைக் காலையிலேயே எழுத்துல கொடுத்தாச்சு."