சிறந்த உழவர் மாசிலாமணி

ஏரைத் தொட்டே அறியாத மாசிலாமணிக்குச் சிறந்த உழவர் விருது என்று கடிதம் வந்ததிலிருந்து, அஞ்சலைக்குப் புருசனைப் பார்த்தாலே வாயோரம் கோணிக்கொண்டது. ஏர் பூட்டுவது, நாற்று நடுவது, சாணி அள்ளுவது எல்லாம் அவள். உழவைப் பற்றி மேடையில் பேசுவது அவன்.

போகியன்று விடியலில் தெருவே பழம்பாயையும் தேய்ந்த துடைப்பத்தையும் கொளுத்திக்கொண்டிருந்தது. மாசிலாமணி அவளுடைய சாணிக்கூடையைத் தூக்கி நெருப்பில் போட்டான்.

"யோவ், அது நல்ல கூடைய்யா! பழசைக் கழிக்கணும்னா ஒன் பொட்டியில மக்கிப்போன பொன்னாடை இருக்குதே, அதப் போடேன்."

"அதெல்லாம் மரியாதைடி."

மறுநாள் தை பிறந்தது. வாசலில் கிழக்குப் பார்த்து அடுப்பு மூட்டி, மஞ்சள் கொத்து கட்டிய புதுப்பானையில் அவள் பாலை ஊற்றினாள். பால் நுரைத்து ஏறும் நேரம் பார்த்து மாசிலாமணி விறகை வெளியே இழுத்தான்.

"போட்டோக்காரன் வரட்டும்."

"சூரியன் ஒன் போட்டோக்காரனுக்காக நிக்குமா?" விறகை உள்ளே தள்ளினாள். பால் பொங்கி வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினாள். பிறகுதான் களைந்து வைத்திருந்த புது அரிசியைப் போட்டாள். பொங்கல் வெந்ததும் கரும்பு, பூசணிக்காயோடு முதல் இலையைச் சூரியனுக்குப் படைத்தாள். அவன் தெருமுனையில் நின்று போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

மாட்டுப் பொங்கலன்று மாடுகளை ஏரியில் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, புது மூக்கணாங்கயிறு போட்டு, மாலை கட்டினாள். தொழுவத்தில் பொங்கலிட்டு இரண்டுக்கும் ஊட்டி முடித்தபோது அவன் வந்து நின்றான்.

"நாளைக்கி விருது குடுக்குறாங்க, பள்ளிக்கூட மைதானத்துக்கு மாட்டோட வரச் சொல்லிருக்காங்க. நீயும் வா."

"ஏர்ல பூட்டுறப்ப எது எடத்து மாடு, எது வலத்து மாடு? சொல்லு பாக்கலாம்."

அவன் யோசித்தான். "செவப்புக் கொம்பு எடத்து மாடு."

"அந்தச் செவப்பு நான் இப்பத்தான் பூசினேன்!" அஞ்சலை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். எது எந்தப் பக்கம் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

காணும் பொங்கல் உறவைப் பார்க்கிற நாள். காலையிலேயே ஒரு கட்டுக் கரும்போடு அண்ணன் ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். அண்ணன் காலில் விழுந்து திருநீறு வாங்கி, கறிச்சோற்றில் கை வைத்தபோது, அண்ணன் மகள் போனோடு ஓடி வந்தாள்.

"அத்த, மாமாவப் பாரு!"

மைதானத்தில் ஏர் பூட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். மாசிலாமணி இடத்து மாட்டை வலத்திலும் வலத்து மாட்டை இடத்திலும் கட்டியிருந்தான். இரண்டும் நுகத்தடியை முறுக்கிக்கொண்டு ஓரடி எடுத்து வைக்கவில்லை. கூட்டம் விசிலடித்தது. அப்படியும் விருதைக் கொடுத்துவிட்டார்கள். அவனும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினான்.

"மாட்டுக்காவது வெக்கம் இருக்குது பாரு," என்றாள் அஞ்சலை, எலும்பைக் கடித்தபடி. "அந்தாளுக்குப் போன் போட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டினானான்னு மட்டும் கேளு."