கோட்டை விடாதவர்

மழை அப்போதுதான் விட்டிருந்தது. கால்பந்து மைதானத்தில் கார்னர் அடிக்க எதிரணி ஆள் மூலைக்குப் போனபோது, கீப்பர் கோலின் நடுவில், கோட்டிலிருந்து ஓரடி முன்னால், உடம்பைப் பாதி திருப்பி நின்றார். அப்படி நின்றால்தான் மூலையில் இருக்கும் பந்தும் கண்ணில் படும், முன்னால் முண்டியடிக்கும் கூட்டமும் கண்ணில் படும்.

பந்து காலை விட்டுக் கிளம்பும்வரை அவர் அசையவில்லை. கிளம்பியதும் தெரிந்துவிட்டது. நல்ல உயரம், கோலை நோக்கி வளைகிறது, கோலை ஒட்டிக் கோடு போட்ட சின்னப் பெட்டிக்குள்ளேயே இறங்கும். தன் பந்து. தன் ஆட்கள் விலகுவதற்காக “கீப்பர்” என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வெளியே வந்தார். ஈரப் பந்து, சுற்றிலும் ஆட்கள், பிடித்தால் வழுக்கும். குத்துவது என்று ஓட்டத்திலேயே முடிவு செய்தார். ஒற்றைக் காலில் எம்பி, மற்ற முழங்காலை உயர்த்தி, இரண்டு முஷ்டிகளையும் சேர்த்துக் குத்தினார். முழங்காலைத் தூக்குவது இடிக்க வருகிறவனிடமிருந்து வயிற்றைக் காத்துக்கொள்ள. பந்து பெட்டியைத் தாண்டிப் பக்கவாட்டில் பறந்தது. குறை சொல்ல முடியாத குத்து.

முழங்கால் மட்டும் சுவரின் இடது காதுக்குப் பின்னால் போய் இடித்தது.

சுவர் என்பது சொந்த அணியின் தடுப்பாட்டக்காரனுக்கு எல்லோரும் வைத்த பெயர். கீப்பருக்கு அவன் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. பின்னோக்கி ஓடிவந்து தலையால் முட்ட எழும்பியவன், விழுந்த இடத்தில் எழுந்திருக்கவில்லை.

மண்டையோட்டில் விரிசல், காதுக்குப் பின்னால். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். ஆனால் அந்தக் காது போய்விட்டது. அதோடு நிதானமும் போயிற்று. வேகமாகத் திரும்பினால் தரை சாய்கிறது என்றான். அவன் எலக்ட்ரீஷியன். ஏணி ஏறாத எலக்ட்ரீஷியனுக்கு என்ன வேலை இருக்கிறது? கடைசியில் அவனுடைய முதலாளியே பாவம் பார்த்து, கடையில் பல்பும் வயரும் எடுத்துக் கொடுக்க உட்காரவைத்தார்.

கீப்பர்மேல் தப்பில்லை என்று நடுவர் சொன்னார். கோச் சொன்னார். மனைவி ஆஸ்பத்திரி வராந்தாவில், முகத்தைத் துடைத்துக்கொண்டே, “நீங்க என்ன பண்ணுவீங்க, விளையாட்டுல நடந்தது” என்றாள். அதுதான் அவரை அரித்தது. தப்பு செய்தவனுக்காவது போய்க் காலில் விழ வழியிருக்கிறது. சரியாகச் செய்தவன் எங்கே போய் விழுவான்?

ஒர்க்‌ஷாப்பில் கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அவர் கை நடுங்கவில்லை. மைதானத்திலும் நடுங்கவில்லை. நேராக வரும் பந்துகளை முன்பைவிட நன்றாகவே தடுத்தார். ஓரத்திலிருந்து தூக்கி அடித்தால் மட்டும் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டார்.

கோட்டில் நிற்பது குற்றமில்லை. எட்டாத பந்து, வெளிப்பக்கமாக வளைந்து விலகும் பந்து, பெனால்டி புள்ளிப் பக்கம் போய் விழும் பந்து, இவற்றுக்கெல்லாம் நின்று, பாதத்தை ஊன்றி, தலையால் முட்டி வருவதைத் தடுக்கத் தயாராவதே புத்தி. ஆனால் அவர் கையெட்டும் பந்துக்கும் நின்றார். ஒரு ஆட்டத்தில் சின்னப் பெட்டிக்குள், அவருக்கு நேர் முன்னால், எதிரணி ஆள் ஒருவன் எந்தத் தடையும் இல்லாமல் தலையால் முட்டி உள்ளே தள்ளினான். இன்னொன்றில் இரண்டடி வந்தவர் அப்படியே நின்றுவிட, பந்து தலைக்கு மேலே போய்ப் எதிர்ப்பக்கக் கம்பத்தருகே கோலாயிற்று.

“நம்ம ஆளு கோட்டை விடாமலே கோட்டை விடுறாருப்பா” என்று வேலியோரம் ஒருவன் சொல்ல, நாலு பேர் சிரித்தார்கள். அவர் காதிலும் விழுந்தது.

கோச்சும் அவரும் ஒரு காலத்தில் ஒரே அணியில் ஆடியவர்கள். உடை மாற்றும் அறையில் கோச் பெஞ்சில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“வரணும்னா வா. நிக்கணும்னா நில்லு. பாதி வழியில நின்னா நான் என்னடா பண்றது?”

“கால் நின்னுடுது.”

“தெரியுது. அடுத்த ஆட்டத்துக்கு வேற ஆளைப் போடட்டுமா?”

கீப்பர் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, “போடு” என்றார். கோச், “போடத்தான் ஆள் இல்லையே” என்று எழுந்து போனார்.

விஷயம் சுவரின் காதுக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்தான். நல்ல காது மாமா பக்கம் இருக்கும்படி நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்தான்.

“மாமா, அன்னிக்கு நீங்க கத்தினது எனக்குக் கேட்டுச்சு.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

“கேட்டுச்சு. கால் அதுக்குள்ள எழும்பிடுச்சு. உங்க பந்து அது, நான்தான் விட்டிருக்கணும். இதச் சொல்லாம விட்டதுக்கு என்னை மன்னிச்சிடுங்க.”

“நீ எதுக்கு மாப்ள மன்னிப்பு கேக்கறே” என்றார் கீப்பர்.

“கடையில வந்து பல்பு வாங்கறவன்கூட உங்களப் பத்திப் பேசறான். என்னால தாங்க முடியல. எனக்காக வெளிய வாங்க. நான் வந்து பாக்கறேன்.”

சொன்னபடியே வந்தான். அக்காவோடு, மைதானப் படிக்கட்டின் நடு வரிசையில், கைப்பிடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆட்டம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. கீப்பரின் அணி ஒரு கோல் முன்னிலை. எதிரணியின் ஓரத்து ஆட்டக்காரன் பந்தோடு இடது ஓரமாக ஓடிவந்தான். அவன் கோல்கோட்டை நெருங்க நெருங்க, கீப்பர் அந்தப் பக்கத்துக் கம்பத்தை நோக்கி நகர்ந்தார். அவன் நின்று, உள்ளே திரும்பி, பந்தைப் பின்னுக்கு எடுத்ததும், மறுபடி நடுவுக்கு வந்தார். முன்னால் ஓடுவது எளிது, பின்னால் ஓடுவது கடினம் என்பதால் நடுவுக்கும் சற்றுப் பின்னால். பந்து எழும்பியது. சீரான வேகம், சின்னப் பெட்டியின் விளிம்பு, காய்ந்த பந்து, ஓட வழி இருந்தது. பிடிக்கலாம்.

“கீப்பர்.”

கால் நிற்கவில்லை. எம்பினார், முழங்கால் தானாக உயர்ந்தது, கைகள் நீண்டு முகத்துக்கு முன்னால் உச்சியிலேயே பந்தை எடுத்தன. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார். யாரும் அவரை இடிக்கவில்லை, அவரும் யாரையும் இடிக்கவில்லை.

விசில் ஊதியதும் படிக்கட்டைப் பார்த்தார். மனைவி தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

வாகனங்கள் நிறுத்துமிடத்தில், ஒரு சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தான் சுவர். சட்டையில் வாந்தி தெறித்திருந்தது. கீப்பர் கையுறைகளோடு அவன் எதிரில் குந்தினார்.

“புடிச்சீங்களா?”

“புடிச்சேன்.”

“நல்லது மாமா.” “நீங்க கத்தினதும் எனக்கு முடியல. அந்தக் காதுல கடைசியா கேட்டது அதான். வேற எதுவும் அதுக்கப்பறம் கேக்கல. நீங்க விளையாடுங்க. நிறுத்திடாதீங்க. நான் இனிமே வரல, அவ்வளவுதான்.”

கீப்பர் கையுறைகளைக் கழற்றி, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவன் சட்டையை மெதுவாகக் கழுவிவிட்டார். அவன் சிறுபிள்ளைபோல் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்கா வந்ததும் இருவருமாகத் தூக்கி நிறுத்தி, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நடத்திப் போனார்கள்.

அந்தப் பருவம் முழுக்கக் கீப்பர் ஆடினார். பிடிக்க வேண்டியதைப் பிடித்தார், குத்த வேண்டியதைக் குத்தினார், நிற்க வேண்டிய இடத்தில் நின்றார். யாரும் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவர் சாப்பிட வருவான். மின்கட்டணம், கடை, மழை என்று பேசுவார்கள். ஆட்டம் என்ன ஆயிற்று என்று அவன் கேட்பதில்லை. மனைவியும், அவர் தோள்பையோடு உள்ளே வரும்போது, குளிக்க வெந்நீர் இருக்கிறது என்று மட்டும் சொல்வாள்.