பணிவான வேண்டுகோள்

ஸ்பூனை வாயருகே கொண்டுபோனதும் அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பால் கன்னத்தில் வழிந்து தலையணையில் இறங்கியது. தங்கை துண்டால் துடைத்துவிட்டு மறுபடியும் ஸ்பூனை நீட்டினாள். வாய் திறக்கவில்லை. பேசுவதற்குத்தான் திறந்தது.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே?"

"ஆமாண்ணே."

"அவனுங்க ஒருத்தனையும் காணோமே பாப்பா."

பாப்பாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. ஆனாலும் வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டி, மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு எட்டிப் பார்த்த அண்ணனுக்கு அவள், அவர் முதன்முதலாக வண்டியேறியபோது வீட்டில் விட்டுப்போன பாப்பாதான். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊர் ஊராகச் சுற்றுகிறவனை நம்பி எவள் வருவாள் என்பார். தங்கை விஷயம் வேறு. அவள் குடிநீர் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதுகிறவள். வந்த வரன்களுக்கும் யார் மனமும் நோகாமல் பதில் எழுதியே அனுப்பிவிட்டாள் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

"ஊருக்குப் போயிருப்பாங்கண்ணே" என்றாள்.

"நாலு பேருமா?"

அவள் ஸ்பூனைப் பாலில் போட்டுக் கலக்கினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் விடாமல் முனகிக்கொண்டிருந்தது. காலையில் வந்துபோன நர்ஸ், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்குத் தாண்டறது கஷ்டம்மா, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றிருந்தாள். சொல்ல வேண்டியவர்கள் யார் என்று தங்கை யோசித்துப் பார்த்தாள். யாரும் அகப்படவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சலூன்காரர் வீடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவருடைய சிநேகிதர்கள் மூன்று பேர் வந்துவிடுவார்கள். ரம்மி. சீட்டை மேஜையில் வைக்கிற வழக்கமே கிடையாது, அறைவதுதான். சண்டை, சமாதானம், மறுபடி சண்டை. பாதி ராத்திரி வரைக்கும் அவள் காதுக்குள்ளேயே உட்கார்ந்து ஆடுவதுபோல இருக்கும். சனிக்கிழமையும் அலுவலகம் உண்டு. கண் எரிய எரியப் போய், "தங்கள் பகுதியில் தண்ணீர் வராதது குறித்து வருந்துகிறோம்" என்று எழுதுவாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் உட்கார்ந்து எழுதினாள். முதல் தாளில் கோபமே எழுதியது: கூத்து, கும்மாளம், அடுத்தவர் கஷ்டம் தெரியாத ஜென்மங்கள். அதைக் கிழித்துப் போட்டாள். இத்தனை வருஷ வேலை அவளுக்குச் சில விஷயங்களைக் கற்றுக்கொடுத்திருந்தது. நன்றியில் ஆரம்பிக்க வேண்டும். அந்த நன்றி உண்மையாக இருக்க வேண்டும். குற்றம் சொல்லக் கூடாது, நிலைமையைச் சொல்ல வேண்டும். 'தினமும்' என்று மிகைப்படுத்தினால் எதிராளி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் தள்ளிவிடுவான். முடியாததைக் கேட்கக் கூடாது. கடைசியில் அவர்களுக்கும் ஒரு கதவைத் திறந்து வைக்க வேண்டும். இரண்டாவது தாளில் இருந்த 'தொந்தரவு' என்ற சொல்லையும் அடித்தாள். மூன்றாவது தாள் தேறியது.

"பக்கத்து வீட்டாருக்கு வணக்கம். ஆக்சிஜன் மெஷினை மாடிக்கு ஏற்றிக் கொடுத்த உதவியை நாங்கள் மறக்கவில்லை. நம் வீடுகளுக்கு நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். என் அண்ணன் கட்டில் அதை ஒட்டித்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நண்பர்கள் கூடும்போது மேஜையை எதிர்ப்பக்கம் நகர்த்திக்கொண்டு, ஒன்பது மணிக்கு மேல் குரலைச் சற்றுத் தணித்தால், உடம்பு முடியாத அவருக்குத் தூங்க வசதியாக இருக்கும். எங்களால் உங்களுக்கு ஏதும் இடைஞ்சல் இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்." கீழே தன் போன் நம்பர்.

கவரில் போட்டு ஒட்டவில்லை. ஒட்டினால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஆகிவிடும். கதவில் செருகவுமில்லை, போகிறவன் வருகிறவன் எல்லாம் படிப்பான். வீட்டுச் சொந்தக்காரர் காதுக்குக் கொண்டுபோகவில்லை. ஆட்டம் நடக்கிற நேரத்தில், நாலு பேர் எதிரில் நீட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, சலூன்காரர் தனியாக மாடிப்படி இறங்கும்போது மடித்த தாளைக் கையில் கொடுத்து, "நேரம் கெடைக்கறப்போ பாருங்க தம்பி" என்றாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள், ஒன்றைத் தவிர. தூக்கம் கெட்டது அவளுக்கு. எதிராளி மறுத்துப் பேச முடியாத காரணமாக இருக்கட்டும் என்று அண்ணனைப் போட்டுவிட்டாள்.

கடிதம் நன்றாகவே வேலை செய்தது. அளவுக்கு மீறிச் செய்தது. ஒன்பது மணி, எதிர்ப்பக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆட்டத்தையே சலூனுக்கு மாற்றிவிட்டார்கள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, முடி வெட்டுகிற நாற்காலிகளில் உட்கார்ந்து ஆடினார்களாம். முதல் வெள்ளிக்கிழமை அவள் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். அடுத்த வெள்ளிக்கிழமைதான் அண்ணன் கேட்க ஆரம்பித்தார்.

"சத்தம் இல்லாத எடத்துல வண்டிய நிறுத்தவே கூடாது பாப்பா" என்றார் அன்றைக்கு, மூச்சு வாங்கி வாங்கி. "நாலு பேரு பேசிக்கிட்டு இருக்கற டீக்கடையா பாத்து ஓரங்கட்டணும். அப்பதான் பயமில்லாம தூக்கம் வரும்."

வெள்ளிக்கிழமைகளில் கட்டில் சட்டத்தை அவர் விரலால் தட்டுவதை எரிச்சல் என்று அவள் நினைத்திருந்தாள். அவர் ஆட்டத்தோடு கூடவே ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். உடனே இன்னொரு தாள் எழுதிக் கொடுத்தாள்: முன்பு எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம், வழக்கம்போல வீட்டிலேயே கூடலாம் என்று. சலூன்காரர் படித்துவிட்டு மாடிப்படியில் கைகூப்பினார். "உங்களுக்குப் பெரிய மனசுக்கா." அவ்வளவுதான். சுவர் அப்படியே ஊமையாக இருந்தது.

பால் டம்ளரை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். தாள் எடுக்கவில்லை. பக்கத்துக் கதவைத் தட்டினாள். சலூன்காரர் புறப்படும் கோலத்தில் நின்றார். சட்டைப்பையில் சீட்டுக்கட்டு துருத்திக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்ததும் அதைக் கையால் மறைத்தார்.

"என்னக்கா? ஆஸ்பத்திரிக்குப் போகணுமா? வண்டி சொல்லட்டுமா?"

"இல்ல தம்பி. இன்னைக்கு இங்கயே ஆடுங்கன்னு சொல்ல வந்தேன்."

"அதான் அன்னைக்கே எழுதிட்டீங்களே. உங்க குணம் யாருக்கு வரும்? ஆனா எங்களுக்கும் இருக்கணும்ல. மனுஷன் அப்படிக் கெடக்கறாரு, பக்கத்துல உக்காந்து சீட்டு ஆடினா நாலு பேரு காறித் துப்பமாட்டானா?"

"உங்க நல்லெண்ணத்துக்கு நாங்க..." என்று ஆரம்பித்தாள். அலுவலக வார்த்தை தானாக வந்து நின்றது. அதற்கு அவர் மறுபடியும் கைகூப்புவார் என்று தெரிந்தது. மரியாதையாகப் பேசப் பேச இந்த மனுஷர் இன்னும் இரண்டடி பின்னால்தான் போவார்.

"தூக்கம் வராதது எனக்கு" என்றாள். "அவருக்கு இல்ல. அவர் பேரப் போட்டு நான் எழுதிட்டேன். அவரு உங்களக் கேட்டுக்கிட்டே கெடக்கறாரு தம்பி. இன்னைக்குத் தாண்டாதுன்னு சொல்லிட்டாங்க."

சலூன்காரர் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் ஒரு கணம் கறுத்து, பிறகு தெளிந்தது.

"எங்கள அவரு வையலையா?"

"பேரு வெச்சிருக்காரு. ஒருத்தர் இருமல். எல்லாரும் சிரிச்சு முடிச்சப்புறம் சிரிக்கறவரு லேட்டு. ஏமாத்தறவரு புளுகன்."

"நான்?"

"கத்திரி. பேச்ச நடுவுல நடுவுல வெட்டறீங்களாம்."

அவர் சிரிக்கப் போய், பாதியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை எடுத்தார்.

மூன்று பேரும் வந்துவிட்டார்கள். மாடிப்படியில் அவர்கள் ஏறி வந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. செருப்பைக் கீழேயே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. மேஜையைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார்கள். ஆட்டம் ஆரம்பித்தது. "நீ எடு", "இல்ல, நீங்க எடுங்க" என்று மெல்லிய குரல்கள். சீட்டை மேஜையில் வைப்பது காதில் விழவே இல்லை.

அண்ணன் கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் கேட்டார்.

"யாரு பாப்பா இவங்க?"

"அவங்கதாண்ணே. வந்துட்டாங்க."

"இல்ல. இவங்க சாவு வீட்டுக்கு வந்தவங்க."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் உள்ளங்கையால் சுவரில் ஓங்கித் தட்டினாள். அந்தப் பக்கம் இருந்த கொஞ்ச சத்தமும் அடங்கிப் போயிற்று. பின்னே, சுவரில் தட்டினால் உலகத்தில் எவனுக்கும் ஒரே அர்த்தம்தானே? அவள் சுவரில் வாயை வைத்தாள்.

"தம்பி, சத்தமா ஆடுங்க. கத்துங்க. எப்பவும்போல."

அலுவலகத்தில் ஒருவரும் அவள் குரல் உயர்ந்து கேட்டதில்லை. அது அவளுக்கே யாரோ ஒருத்தி கத்துவதுபோல இருந்தது.

கத்தினார்கள். பள்ளிக்கூட நாடகத்தில் கத்துவதுபோல இருந்தது. இருமல்காரர் வேண்டுமென்றே இருமினார். சிரிப்பு ஒன்று யாருக்கும் ஒட்டாமல் தனியாக வந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று தங்கை நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் புளுகன் தன் புத்தியைக் காட்டினான்.

"டேய், அடியில கெடந்த சீட்ட எப்படா உருவின?"

"எவன் உருவினான்? மேல கெடந்ததுதான்."

"கண்ணு என்ன பொட்டையா எனக்கு? கீழ வைடா அத."

"வெக்கறேன், ஆனா அடுத்த வாரம் எவனாவது என்னைக் கூப்பிட்டுப் பாருங்க."

மேஜை அதிர்ந்தது. நாலு குரலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறியது. சலூன்காரர் எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு நடுவே பாய்ந்தார். சீட்டு அறைந்து விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள், ஓய்ந்த பிறகு ஒருவர் மட்டும் தனியாகச் சிரித்தார்.

அண்ணனின் விரல் கட்டில் சட்டத்தில் தட்டியது.

"மாட்டிக்கிட்டான் பாரு" என்றார். முகத்தில் சிரிப்பு வந்து, போக மனமில்லாமல் நின்றது.

அவர் தூங்கினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வந்தது. விட்டு வந்தது. ரொம்ப நேரம் விட்டு வந்தது. அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டுப் போடும்போது அவள் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. மெஷின் மட்டும் காற்றை அனுப்பிக்கொண்டே இருந்தது.

மூக்கிலிருந்து குழாயை எடுத்தாள். மெஷினை அணைத்தாள். கொஞ்சம் திறந்திருந்த கண்களை மூடிவிட்டு, கன்னத்தில் காய்ந்திருந்த பாலை ஈரத்துணியால் துடைத்தாள். மெஷின் நின்றதும் அந்தப் பக்கத்துச் சத்தம் அறைக்குள்ளேயே வந்துவிட்டது. யாருடைய மாமனாரையோ வைத்துக் கிண்டல் நடந்துகொண்டிருந்தது.

போய்ச் சொல்ல வேண்டும். எழுந்தாள். கதவு வரை போனாள். சொன்னால் சீட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார்கள், நல்லவர்கள். எல்லா வேலையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வார்கள். மெதுவாகப் பேசுவார்கள். அதற்கப்புறம் அவள் இருக்கிற இந்தப் பக்கத்துக்காக எத்தனை வெள்ளிக்கிழமை மெதுவாகப் பேசுவார்களோ. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

சற்றுக் கழித்துச் சுவரில் யாரோ விரலால் மெல்லத் தட்டினார்கள்.

"அக்கா" என்றார் சலூன்காரர். "போதுமாக்கா? கெளம்பட்டுமா?"

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"இன்னும் ஒரு ஆட்டம் ஆடுங்க தம்பி."

அந்தப் பக்கம் சீட்டுக் கலைக்கிற சத்தம் கேட்டது. அவள் ஸ்டூலை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டாள்.