கோப்பில் இருந்த நெஞ்சு

சௌந்தரம் ஹவுராவில் ஒரு ரயில்வே ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷமாக ஈ.சி.ஜி. எடுக்கிறாள். டிக்கியாபாடா யார்டிலிருந்து ராம்ராஜாதலா குவார்ட்டர்ஸ் வரைக்கும் அவள் பார்க்காத நெஞ்சு இல்லை. கட்டின புருஷன் நெஞ்சை மட்டும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

காரணம் அந்த அறையின் வழக்கம். சொந்தக்காரர்களுக்குத் தானே எடுக்கக் கூடாது, கூட இருப்பவர்தான் எடுக்க வேண்டும். அறையில் இருந்ததோ இரண்டே பேர். மற்றவர் மாணிக்கம். அவளுக்கு வேலை கற்றுக் கொடுத்தவர், கல்யாணத்தில் அண்ணன் இடத்தில் நின்றவர். அவள் புருஷன் பிரேம்குமார் ரயில் டிரைவர். மருத்துவச் சோதனை வரும்போதெல்லாம் மாணிக்கம்தான் எடுப்பார்.

"மாப்ள நெஞ்சு இரும்பு, தங்கச்சி," என்பார் வெளியே வந்து. அவளும் பூரித்துப் போய் எதிர் வீட்டு வங்காளி மாஷிமாவுக்கு சந்தேஷ் இனிப்பு கொண்டுபோய்க் கொடுப்பாள். வெகுளி.

2003 ஜூலை. மதியம் இரண்டு மணி, மழை விட்டிருந்தது. மாணிக்கம் சாப்பிடப் போயிருந்தார். இஞ்சின் ஷெட்டிலிருந்து இரண்டு பேர் பிரேம்குமாரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். வண்டி ஏறும் முன்பே மயக்கமாக வந்ததாம். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மழையில் அல்ல, வியர்வையில்.

"நெஞ்சுக்குள்ள என்னமோ ஓடுது, சௌந்தரம்."

வழக்கமாவது ஒன்றாவது. அவளே பட்டைகளைக் கட்டினாள், அவளே காகிதத்தை ஓடவிட்டாள். துடிப்பு நிமிஷத்துக்கு இருநூற்றைத் தாண்டியிருந்தது. இடைவெளியில் ஒரு ஒழுங்கும் இல்லை. ஒரு துடிப்பு அகலம், அடுத்தது அதைவிட அகலம், அதற்கடுத்தது கொஞ்சம் ஒடுங்கியது. இப்படிக் கோணல்மாணலாக அவள் பார்த்தது குறைவு.

டியூட்டி டாக்டர் லாஹிரி சின்ன வயசுக்காரர், கெட்டிக்காரர். பழைய ஈ.சி.ஜி.யைக் கேட்டார். கோப்பு வந்தது. புரட்டிப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"சௌந்தரம்தி, இங்கே பாருங்க," என்றார் வங்காளத்தில். அங்கே அக்காவுக்கு 'தி'. "வி ஒன் கோட்டுல இரட்டைக் கொம்பு. வலது பக்க மின்கிளையில பழைய சின்னத் தாமதம், ஆபத்து இல்லாதது. இப்போ இதயத்தோட மேலறை தாறுமாறா நடுங்குது, அந்த வேகத்துல இந்தக் கிளை அடைச்சுக்கிட்டதால துடிப்பு அகலமாத் தெரியுது. வெராபமில் போட்டா வேகம் தணிஞ்சிடும்."

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

சௌந்தரத்தின் கண் கோப்பில் இருந்த காகிதத்தில் போய் நின்றது. இரட்டைக் கொம்பு. இரண்டாவது கொம்பு உயரம், அதன் இடுப்பில் துளிப் பிசிறு. இதை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள். எங்கோ என்ன, நூறு தடவை பார்த்திருக்கிறாள். மெஷின் ரிப்பேராகித் திரும்பி வரும்போதெல்லாம் மாணிக்கம் தானே மேஜையில் படுத்துக்கொண்டு, "என் நெஞ்சுல போட்டுப் பாரு, தங்கச்சி," என்பாரே, அந்தக் காகிதம். இது மாணிக்கத்தின் நெஞ்சு. மேலே மாணிக்கத்தின் குண்டு குண்டான கையெழுத்தில் பிரேம்குமார் என்று எழுதியிருந்தது.

மாணிக்கம் தன்னுடையதை ஏன் வைத்தார்? புருஷனுடைய நிஜக் காகிதத்தில் காட்டக்கூடாத ஏதோ இருந்திருக்கிறது. கையிலிருந்த புதுக் காகிதத்தை மறுபடி பார்த்தாள். அகலமான துடிப்புகள் நேராக எழும்பவில்லை, அடியில் சரிந்து, தயங்கி ஏறின.

சொன்னால் புருஷன் இஞ்சினிலிருந்து இறங்க வேண்டியதுதான். மாணிக்கத்தின் வேலையும் போகும். இவளுக்கு மட்டும் தெரியாது என்று எவன் நம்புவான்? நர்ஸ் ஊசியைத் தட்டிக் காற்றை வெளியேற்றினாள்.

"சார், போடாதீங்க! இது இவரோட ஈ.சி.ஜி. இல்ல. மாணிக்கத்தோடது."

லாஹிரி திகைத்தார். கட்டிலில் கிடந்தவன் கண்ணைத் திறந்து, அங்கே வேறு யாருக்கும் புரியாத தமிழில், "வாய மூடு, சௌந்தரம்," என்றான்.

அவளுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து. அண்ணனும் புருஷனும், அவள் தினமும் உட்காரும் அதே அறையில்.

லாஹிரி ஊசியைப் பிடுங்கி டிரேயில் போட்டார். இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போகச் சாதாரணமாக ஒரே வழிதான் உண்டு. நடுவில் ஒரு கேட். அது ஒவ்வொரு துடிப்பையும் சற்று நிறுத்தி அனுப்பும். சிலருக்குப் பிறவியிலேயே பக்கவாட்டில் இன்னொரு தசையிழை, ஒரு திருட்டு வழி, இருக்கும். பிரேம்குமாருக்கும் இருந்தது. அதில் கேட்டும் இல்லை, கேட்மேனும் இல்லை. மேலறை நடுங்கும்போது நல்ல கேட் முக்கால்வாசியைத் தடுத்துவிடும், திருட்டு வழியோ வந்ததையெல்லாம் கீழே தள்ளும். வெராபமில் கேட்டைத்தான் மூடும், திருட்டு வழியை மூடாது. ரத்த அழுத்தத்தையும் இறக்கி, அந்த வழியை இன்னும் வேகமாக்கிவிடும். கீழறையும் நடுங்க ஆரம்பித்தால் ஆள் அங்கேயே முடிந்தான். டிஜாக்ஸின் போட்டாலும் இதே கதிதான்.

"இன்னும் அரை நிமிஷம் போயிருந்தா நானே கொன்னிருப்பேன்," என்றார் லாஹிரி.

அதற்குள் ரத்த அழுத்தம் எண்பதுக்கு இறங்கிவிட்டது. பிரேம்குமாரைத் தூங்கவைத்து, நெஞ்சில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. மானிட்டரில் கோடு நிதானத்துக்கு வந்தது.

சௌந்தரம் மறுபடி காகிதம் ஓட்டினாள். இப்போது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். மேலறையின் சின்ன மேடு முடிந்ததும் முடியாததுமாய், கேட்டில் நிற்கும் அந்தச் சின்னத் தாமதம்கூட இல்லாமல், கீழறையின் துடிப்பு சரிந்த அடியோடு கிளம்பியது. அவசரக்குடுக்கை இதயம். இதைத்தான் ஒளித்து வைத்திருந்தார்கள்.

மாணிக்கம் வாசலில் நின்றார். சாப்பிட்ட கை இன்னும் காயவில்லை.

"எத்தன தடவ, அண்ணே?"

"ரெண்டு. நாலு வருஷமா. மாப்ள கால்ல விழாத குறையாக் கெஞ்சினான், தங்கச்சி. வண்டிய விட்டு இறக்குனா செத்துருவேன்னான். எப்பவாச்சும் ஒரு படபடப்புதான், வேற ஒண்ணுமில்லன்னான்."

"தொடை வழியா கம்பி விட்டு அந்த இழைய மட்டும் சுட்டுடலாம்," என்றார் லாஹிரி, யாரையும் பார்க்காமல். "முக்காவாசிப் பேருக்கு மேல குணமாயிடும். அப்பவே சொல்லியிருந்தா, குணமானவரா மெடிக்கல் போர்டு முன்னால போயிருக்கலாம்."

மாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு இந்த நெஞ்சு நாலு வருஷம் ஓடியிருக்கிறது. ராத்திரி பக்கத்தில் படுத்தவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் பிரேம்குமார் கண் விழித்தான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று அவளும் ஒரு நிமிஷம் நம்பிவிட்டாள்.

"இப்ப நல்லாத்தானே இருக்கேன்," என்றான் மெதுவாக. "அந்தப் புதுக் காயிதத்தக் கிழிச்சுப் போட்டுட்டுப் பழசையே வச்சிரு. டாக்டர் சின்னவர், பேசிச் சரிக்கட்டிக்கலாம். நீயே என்னக் காட்டிக் குடுக்கலாமா?"

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"அடுத்த தடவயும் கோப்பப் பாத்துத்தான் ஊசி போடுவாங்க. அந்த ஊசி மாணிக்கம் அண்ணன ஒண்ணும் செய்யாது. உங்களத்தான் கொல்லும். அதுகூட வேணாம், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? ஊரு நெஞ்சையெல்லாம் படிக்கிறவளுக்கு உங்க நெஞ்சு தெரியக் கூடாதா?"

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

பழைய காகிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து, லாஹிரி கேட்டபடி தனி உறையில் போட்டு ஒட்டினாள். புதுக் காகிதத்தின் மேலே பிரேம்குமார் என்றும், எடுத்தவர் என்ற இடத்தில் தன் பெயரையும் எழுதினாள். மையைக் காயவிட்டு, கோப்பின் முதல் பக்கத்தில் வைத்துத் தைத்தாள்.