சங்குக்கு முன்னால் கிளம்புகிறவர்கள்

ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அரைப்பரீட்சைக்கு முந்தின கடைசிப் பாடம் பட்டை வரைபடம். பிடித்த பழம் எது என்று கேட்டு வரையச் சொல்லியிருந்தது புத்தகம். சரசா டீச்சர் அதைப் படித்துக் காட்டியதும் வகுப்பில் யாருக்கும் சுரத்தே இல்லை.

"ஆப்பிள் பிடிக்கும்னு எழுதலாங்களா டீச்சர்? தின்னதில்ல," என்றான் சிங்காரவேலு.

"தின்னாததை எப்படிப் பிடிக்கும்னு சொல்லுவே? சரி, நீங்களே ஒரு கேள்வி சொல்லுங்க. முப்பத்தாறு பேருக்கும் பதில் தெரியணும், அவ்வளவுதான்."

எழுபதுகளின் கடைசி அது. மன்னார்குடிப் பக்கத்தில் வாய்க்காலை ஒட்டிய ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி. சரசாவுக்கு அங்கே வேலை கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கும்பகோணத்தில் வளர்ந்தவள். இந்த ஊரில் பெரியப்பா சிவசங்கரன் வீட்டிலேயே தங்கிக்கொண்டு வந்து போனாள். பெரியப்பாவுக்கு உச்சவரம்புச் சட்டத்துக்குப் பிறகும் மிஞ்சிய நிலம் பள்ளிக்கூடத்துக்கும் கீழத்தெருவுக்கும் நடுவில் கிடந்தது.

பிள்ளைகள் ஏதேதோ சொன்னார்கள். கடைசியில் செவ்வந்திதான், "யாரு எத்தனை மணிக்குக் கிளம்புறோம்னு கேக்கலாம் டீச்சர்," என்றாள். கீழத்தெருப் பெண். ஒல்லியாக இருப்பாள், பேசினால் தெளிவாகப் பேசுவாள்.

"வீட்டுல கடிகாரம் இருக்கிறவங்க கை தூக்குங்க."

நாலு கை எழுந்தது. அதில் ஒரு கடிகாரம் ஓடாது.

அப்போது அய்யாக்கண்ணு ஒரு யோசனை சொன்னான். ரைஸ் மில்லில் எட்டு மணிக்குச் சங்கு ஊதும், அது ஊர் முழுக்கக் கேட்கும். எட்டரைக்குக் கும்பகோணம் பஸ் ஆரன் அடித்துக்கொண்டு போகும், அதுவும் கேட்கும். சங்குக்கு முன்னால் கிளம்புகிறவர்கள், சங்குக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் கிளம்புகிறவர்கள், பஸ்ஸுக்கு அப்புறம் கிளம்புகிறவர்கள். சரசாவுக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "இதைவிட நல்லாப் பிரிக்க எனக்கே தெரியாதுடா," என்றாள். அவன் காது சிவந்துபோனது.

பிள்ளைகள் ஜோடி ஜோடியாகப் பிரிந்து வகுப்பைச் சுற்றி வந்தார்கள். ஒருவருக்கு ஒரு கோடு. நாலு கோட்டுக்கு மேல் ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் கட்டாக்கினால் எண்ணுவது சுலபம். கூட்டிப் பார்த்தபோது முப்பத்தேழு வந்தது. இருப்பதோ முப்பத்தாறு பேர். சிங்காரவேலு இரண்டு ஜோடியிடம் பதில் சொல்லியிருந்தான்.

"கேட்டாங்க, சொன்னேன்," என்றான் அவன் அப்பாவியாக.

அவனுடைய ஒரு கோட்டை அழித்ததும் கணக்கு நேரானது. சங்குக்கு முன் பதினொன்று, நடுவில் ஒன்பது, பஸ்ஸுக்கு அப்புறம் பதினாறு.

கட்டம் போட்ட நோட்டில் முதலில் எல்லாரும் வரைந்தார்கள். இரண்டு பேருக்கு ஒரு சென்டிமீட்டர், கீழே பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். பிறகு பெரிய சார்ட்டில் வரையும் பொறுப்பு அய்யாக்கண்ணுவுக்கு. அவன் மறுநாள் கொண்டுவந்த படத்தில் பதினொன்றுக்கான பட்டை மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு அகலம். போதாததற்கு அதற்கு மட்டும் ரத்தச் சிவப்பு. அவன் அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் கொடி பிடிக்கிறவர்.

"இது ஏன் இப்படி உப்பியிருக்கு?"

"அதுதான் முக்கியம் டீச்சர். நல்லாத் தெரியட்டும்னு..."

"உயரம்தான்டா எத்தனைன்னு சொல்லணும். அகலத்தைக் கூட்டினா பாக்கிறவன் கண்ணை ஏமாத்துறோம். நாளைக்கு ஒருத்தர் வந்து இது பொய்னு சொன்னா, மத்த ரெண்டு பட்டையும் சேர்ந்து பொய்யாயிடும்."

அவன் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப வரைந்தான். மூன்றும் ஒரே அகலம், ஒரே இடைவெளி, ஒரே நீல நிறம். மேலே தலைப்பு, ஓரத்தில் அளவுத்திட்டம்.

"இப்ப சொல்லுங்க, படம் என்ன சொல்லுது?"

"பதினாறு பேரு சோம்பேறிங்க," என்றது ஒரு குரல்.

"பதினாறு பேர் பஸ்ஸுக்கு அப்புறம் கிளம்புறாங்க. அவ்வளவுதான் படத்துல இருக்கு. சோம்பேறின்னு எங்க எழுதியிருக்கு?"

கொஞ்சம் யோசித்து இன்னொருத்தி சொன்னாள், "சங்குக்கு முன்னாடி கிளம்புறவங்க வீடு ரொம்ப தூரம் டீச்சர். புதூர்ப் பசங்களா இருக்கும்."

புதூர் மூன்று கிலோமீட்டர். சரசாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். ஆனால் புதூர்ப் பிள்ளைகள் கை தூக்கியது நடுப் பட்டைக்கு. தார் ரோட்டில் நேராக வந்துவிடுகிறார்களாம். பதினொரு பேரை எழுந்து நிற்கச் சொன்னாள். சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வரும் சிங்காரவேலுவைத் தவிர, எழுந்த பத்துப் பேரும் கீழத்தெரு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழத்தெருக் கூரைகள் தெரியும். கூப்பிட்டால் கேட்கும்.

வகுப்பே ஜன்னல் பக்கம் திரும்பியது.

"எத்தனை பேர்னு படம் சொல்லிடுச்சு. ஏன்னு சொல்லலை. ஏன்னு தெரியணும்னா இன்னொரு தடவை கேக்கணும்," என்றாள் சரசா. அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

செவ்வந்தியே கேட்டுச் சார்ட்டின் அடியில் எழுதினாள். இரண்டு பேருக்கு வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை, அதை முடித்துப் பால்வாடியில் விட்டுவிட்டு வர வேண்டும். எட்டுப் பேர் சொன்னது ஒரே பதில்: வரப்பில் வழி இல்லை, மதகு சுற்றி வருகிறோம்.

வரப்பு பெரியப்பாவுடையது. போன வருஷம் குறுவை அறுப்பில் கூலித் தகராறு வந்து, வயலில் கொடி நட்டு, போலீஸ் வந்து, எல்லாம் ஓய்ந்த பிறகு பெரியப்பா அந்த வரப்பின் இரண்டு முனையிலும் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். அது ஊருக்கே தெரியும். சரசாவுக்கும் தெரியும். முள்ளுக்கு அந்தப் பக்கம் எட்டுப் பிள்ளைகள் சங்குக்கு முன்னால் எழுந்து ஓடுகிறார்கள் என்பது மட்டும் தெரியாது. லேட்டாக வந்தவர்களை வாசலில் நிற்க வைத்தபோது அவர்கள் யாரும் சொல்லவும் இல்லை.

வெள்ளிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். தலைவர் சிவசங்கரன்தான். சரசா வகுப்புச் சுவரில் மாட்டியிருந்த சார்ட்டைக் கழற்றலாமா என்று தலைமையாசிரியர் அஹமது கபீரிடம் போய் நின்றாள்.

"கணக்கு சரியா இருக்கா டீச்சர்?"

"இருக்கு சார்."

"பசங்க வரைஞ்சது. நல்லா வரைஞ்சிருக்காங்க. கழட்டினா ஏன்னு கேப்பாங்க. அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்கா?"

சார்ட் சுவரிலேயே இருந்தது, ஏன் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்களோடு.

கூட்டம் முடிந்து காப்பி வந்தது. பெரியப்பா டம்ளரோடு வகுப்பறைச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர் அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஸ்கேல் இருக்கா என்றார். செவ்வந்தி ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். அவர் குனிந்து ஒவ்வொரு பட்டையாக அளந்தார். அஞ்சரை, நாலரை, எட்டு. அகலத்தையும் அளந்தார். சரசாவின் கண் தானாக அய்யாக்கண்ணுவைத் தேடியது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரியாத்தான் போட்டிருக்கா," என்றார் பெரியப்பா. அடியில் எழுதியிருந்ததைப் படித்தார். "எந்த வரப்பும்மா இது?"

"உங்க வரப்புங்க," என்றாள் செவ்வந்தி.

யாரோ இருமினார்கள். பெரியப்பா காப்பியை மெதுவாகக் குடித்து முடித்தார். பிறகு வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பெரியம்மா மதுரம் மோர் ஊற்றும்போதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"ஊர்க்காரா முன்னாடி என்னைக் கூண்டுல ஏத்திட்டே."

"நான் ஏத்தலை பெரியப்பா. கிளம்புற நேரம் கேட்டா, அது அங்க கொண்டுபோய் விட்டுது."

"உன் படத்துல ஒரு ஓட்டை இருக்கு, தெரியுமோ?"

"என்ன ஓட்டை?"

"வரப்பு வழியா வந்தா எத்தனை பேர் லேட்டாக் கிளம்பலாம்? அது எங்க இருக்கு? ஒரு பக்கக் கணக்கை மாட்டிட்டு இன்னொரு பக்கத்தை விட்டுட்டே. ஒப்பிட ஒண்ணும் இல்லாம எப்படி இதை நம்பறது?"

சரசா சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். அவர் சொன்னது நியாயம். வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பாள்.

"நீங்க சொல்றது ரொம்பச் சரி. ஆனா அதுக்கு அவா அந்த வரப்புல நடந்து பாத்தாத்தானே தெரியும்."

பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். மதுரம் பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"ஒரு வாரம்," என்றார் அவர் கடைசியில். "பிள்ளைகள் மட்டும். பெரியவா யாரும் வரப்படாது. கணக்குக்காகத்தான்."

திங்கட்கிழமை காலை பெரியப்பாவின் ஆள் முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டான். சம்பா நடவு முடிந்து பயிர் முழங்கால் உயரம் நின்றது. பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகப் பைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் வந்ததைச் சரசா ஜன்னலிலிருந்து பார்த்தாள். பெரியப்பாவும் தன் களத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், வரப்பை மிதித்து உடைக்கிறார்களா என்று.

வாரக் கடைசியில் மறுபடி அதே கேள்வி, அதே முப்பத்தாறு பேர். இந்த முறை சிங்காரவேலு ஒரு தடவைதான் சொன்னான். சங்குக்கு முன் மூன்று, நடுவில் பன்னிரண்டு, பஸ்ஸுக்கு அப்புறம் இருபத்தொன்று. அளவுத்திட்டத்தை மாற்றக் கூடாது, மாற்றினால் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது என்று அய்யாக்கண்ணுவே மற்றவர்களுக்குச் சொன்னான். முதல் பட்டை ஒன்றரை சென்டிமீட்டராகக் குட்டையாகிவிட்டிருந்தது.

சரசா அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போனாள். பெரியப்பா ஊஞ்சலில் பிரித்துப் போட்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்த மூணு பேர் யார்?"

"ஒருத்தன் பால் ஊத்தறான். ரெண்டு பேருக்கு வீட்டு வேலை. அதுக்கு வரப்பு காரணமில்லை."

"ம்," என்றார். வாரம் முடிந்த பிறகும் முள் ஓரமாகவே கிடந்து காய்ந்தது.

அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. கூலிப் பேச்சு தாலுகா ஆபீஸில் இழுத்துக்கொண்டே இருந்தது. அய்யாக்கண்ணுவின் அப்பாவும் பெரியப்பாவும் அங்கே எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து முகம் பார்க்காமல் பேசினார்கள். கொஞ்ச நாளில் பெரியவர்களும் ஒவ்வொருவராக வரப்பில் நடக்க ஆரம்பித்தார்கள். பெரியப்பா களத்திலிருந்து கத்துவார். அவர்கள் கும்பிட்டுவிட்டு நடப்பார்கள்.

ஒரு நாள் காலை செவ்வந்தி தலையைப் படியச் சீவி, எண்ணெய் பளபளக்க முதல் மணிக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். சரசா கேட்டாள்:

"வரப்புல வந்து மிச்சமாகிற நேரத்துல என்ன பண்றே செவ்வந்தி? படிக்கிறியா?"

செவ்வந்தி பொய் சொல்லலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது.

"தூங்குறேன் டீச்சர்."

"நல்லாத் தூங்கு," என்றாள் சரசா.